ஒரு கிட்டார் மூன்று கிட்டாராகக் கேட்பது எப்படி?



ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே திருவிழாக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கும் பழைய மாணவர் ஒருவர் ஜவளகிரிக்கு வந்திருந்தார். காலால் அமுக்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் காட்டி, "சார், இதைப் போட்டால் ஒரு கிட்டார் மூணு கிட்டார் மாதிரி கேக்குது. உள்ளே என்ன நடக்குது?" என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

காலை வழிபாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை தனியாகப் பாடினால் குரல் மெலிந்து கேட்கும். நாற்பது பேர் சேர்ந்து பாடினால் தடித்துக் கேட்கும். சத்தம் கூடுவது மட்டும் காரணமில்லை. எந்த இருவரும் ஒரே கணத்தில் தொடங்குவதில்லை, சுருதியும் இம்மியளவு விலகும். கோரஸ் பெட்டி இந்த இரண்டையும் செயற்கையாகச் செய்கிறது.

வரும் ஒலியைப் பெட்டி இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று நேராகப் போகும். மற்றொன்று ஏறக்குறைய 20 மில்லி நொடி தாமதமாக வந்து அதனுடன் சேரும். தாமதம் மாறாமல் நின்றால் ஒலியின் நிறம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். சுருதி விலகாது. அதனால்தான் பெட்டி அந்தத் தாமதத்தை மெதுவாகக் கூட்டிக் குறைக்கிறது.

ஒரு நொடியில் தாமதம் 15-லிருந்து 20 மில்லி நொடி ஆகிறது என்று வைப்போம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆக, கூடிய 5 மில்லி நொடி என்பது 1.7 மீட்டர். இரண்டாவது பாடகர் பாடிக்கொண்டே ஒரு நொடியில் அவ்வளவு தூரம் பின்னால் நகர்ந்ததற்குச் சமம். விலகிப்போகும் பேருந்தின் ஹாரன் சுருதி இறங்குவதுபோல, 400 அதிர்வுள்ள ஸ்வரம் 398 ஆகும். முன்னால் வரும்போது 402 ஆகும். 400-ம் 398-ம் கலந்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். மேல் அதிர்வுகள் இன்னும் வேகமாக அலையும். இந்த அலைவைத்தான் காது 'பலர் வாசிக்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது.

அதே 5 மில்லி நொடியைக் கால் நொடியில் ஓட்டினால் விலகல் 8 அதிர்வாகிவிடும். அப்போது தடிப்பு போய், சுருதி சேராத வாசிப்பாகக் கேட்கும். தாமதம் 50 மில்லி நொடியைத் தாண்டினாலோ, தட்டும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி எதிரொலி வந்துவிடும்.

தாமதத்தை 1 முதல் 5 மில்லி நொடிக்குக் குறைத்தால் அது ஃபிளாஞ்சர். 1 மில்லி நொடியில் 500, 1500, 2500 அதிர்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். தாமதம் மாற மாற இந்தப் பள்ளங்களும் நகரும். ஜெட் விமானம் போவது போன்ற 'ஊஷ்' சத்தம் அதுதான்.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தம் நேராகப் போய் மோதும் எதிர்ச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காதை வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறக்குறைய 1 மில்லி நொடி பிந்தி வரும். மெல்லச் சுவரை நெருங்குங்கள், இரைச்சலின் நிறம் மேலே ஏறும். கேட்டவர்கள் கீழே எழுதுங்கள்.