கார்வை எங்கே போனது?

வானொலி நேரலைக்கு அழைக்கும் நேயர்களிடம் நான் அதிகம் சொன்ன வாசகம் வணக்கம் அல்ல. “உங்க வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சிடுங்க” என்பதுதான். குறைக்காவிட்டால் அவர்களுடைய குரலே சற்றுத் தாமதமாக அவர்கள் காதுக்குத் திரும்பும். பேச்சு தடுமாறும், பாட்டு நின்றே போகும். இதை ஆயிரம் முறை சொல்லியிருந்தும், எங்கள் பெரியப்பா வீட்டில் அதே சிக்கல் வந்தபோது எனக்கு உடனே பிடிபடவில்லை.

பெரியப்பா ஜொகூர் மாநிலத்தின் லாயாங் லாயாங்கில் இருக்கிறார். குளுவாங் வட்டாரத்துச் சின்னப் பட்டணம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், நடுவே ரயில் பாதை. தோட்டத்துக் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பது அவருக்குப் பல வருட வழக்கம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் வகுப்பு கணினிக்கு மாறியது. கட்டுப்பாடு போன பிறகும் கணினி வகுப்பு நிற்கவில்லை. ஏனென்றால் பிள்ளைகள் இப்போது ஜொகூர் பாருவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒரு பெண் பிள்ளை, வயது பன்னிரண்டு. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஒவ்வொரு வாரமும் அவளிடம் ஒரே குறையைச் சொன்னார்: “கார்வையை விட்டுடுற. மூச்சு பத்தல. சுருதியும் நிக்கல.” நான்காவது வாரம் அவளுடைய அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை போட்டிக்கே போகவில்லை என்கிறாளாம். “நீங்க ரேடியோவுல இருக்கீங்க, அவ பாடுறதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்” என்றார்.

அவள் வீட்டில் பாடி, கைபேசியிலேயே பதிவு செய்த ஒலியை அனுப்பச் சொன்னேன். வந்தது. கார்வை நீளமாக, அசையாமல் நின்றது. பதினோரு வினாடி! அதே வாரம் வகுப்பில் நானும் சேர்ந்து கேட்டேன். அதே பாட்டு, அதே கார்வை. மூன்று வினாடியில் குரல் மங்கியது, பிறகு காணாமல் போனது. அடுத்த சொல் தொடங்கும்போது திரும்பி வந்தது. அவளுக்கு மூச்சு போகவில்லை. குரல்தான் வழியில் காணாமல் போயிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூட்டச் செயலிகள் எல்லாமே பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நாம் பேசும்போது பின்னால் காற்றாடி ஓடினால், குளிரூட்டி இரைந்தால், அந்தச் சத்தத்தைச் செயலி வடிகட்டிவிடும். எது சத்தம், எது பேச்சு என்று அதற்கு எப்படித் தெரியும்? பேச்சு நொடிக்கு நொடி மாறும், விட்டுவிட்டு வரும். காற்றாடிச் சத்தம் மாறாமல் ஒரே சீராக இருக்கும். ஆகவே சீராக நீடிப்பதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. அலுவலகக் கூட்டத்துக்கு இது சரியான கணக்கு. ஆனால் சீராக நீடிப்பதுதானே கார்வை? சீராக நீடிப்பதுதானே சுருதிப் பெட்டி?

பெரியப்பா வீட்டில் சுருதிப் பெட்டி மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே பாடினார். அந்தப் பிள்ளைக்கோ அது ஒரு வாரம்கூட முழுதாகக் கேட்கவில்லை. பெரியப்பா பாடும்போது அவர் குரலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வரும், அவர் நிறுத்தியதும் அடங்கிவிடும். கேட்காத சுருதியில் அவள் எப்படி நிற்பாள்?

இதற்குத் தீர்வு இருக்கிறது. நாங்கள் பயன்படுத்திய ஜூம் செயலியின் கணினிப் பதிப்பில் Settings, பிறகு Audio என்று போனால் Original sound for musicians என்று ஒன்று வரும். அதைத் தேர்ந்தால் வடிகட்டல் விலகி, ஒலிவாங்கி கேட்டதை அப்படியே அனுப்பும். அதன் கீழே High-fidelity music mode என்று இன்னொன்று இருக்கும். அது 2020-இல் வந்தது. ஒலியை வினாடிக்கு 96 கிலோபிட் அளவில் அனுப்பும், Stereo audio-வையும் தேர்ந்தால் 192 கிலோபிட். அமைப்பில் தேர்ந்தால் மட்டும் போதாது. கூட்டத்துக்குள் போன பிறகு திரையில் அதே பெயரில் ஒரு பொத்தான் இருக்கும், அது On என்று காட்ட வேண்டும்.

ஒன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். இந்த அமைப்பு நாம் அனுப்பும் ஒலியைத்தான் மாற்றும், நாம் கேட்பதை அல்ல. பெரியப்பா போட்டுக்கொண்டால் அவருடைய சுருதி பிள்ளைக்குக் கேட்கும். பிள்ளையின் கார்வை பெரியப்பாவுக்குக் கேட்க வேண்டுமானால் அவள் தன் கணினியில் போட வேண்டும். ஆகவே இருவர் வீட்டிலும் போட்டோம்.

சுருதி வந்தது. கூடவே லாயாங் லாயாங்கும் வந்தது. தலைக்கு மேலே காற்றாடி, கொல்லையில் கோழி, தூரத்து ரயில், தகரக் கூரையில் மழை, எல்லாம். வடிகட்டியை எடுத்துவிட்டால் நல்லதும் கெட்டதும் சேர்ந்துதான் வரும். சுருதியை மட்டும் விட்டுவிட்டுக் காற்றாடியைத் தடு என்று அதனிடம் சொல்ல முடியாது. அரை மணி நேரம் காற்றாடியை நிறுத்தினோம். ஒலிவாங்கியைப் பெரியப்பாவின் வாயிலிருந்து ஒரு முழ தூரத்துக்குக் கொண்டுவந்தோம். அருகில் வர வர குரல் பெரிதாகும், அறை சிறிதாகும். வானொலி நிலையத்தில் நாங்கள் செய்வதும் இதுதான்.

இரண்டாவது பக்கவிளைவு கொஞ்சம் மோசமானது. பிள்ளை பாடத் தொடங்கி இரண்டாவது வரியில் நின்றாள். “தாத்தா, என் குரலே திரும்பி வருது.” பெரியப்பா, “இங்க எல்லாம் நல்லாத்தான் கேக்குது, உன் கணினியைப் பாரு” என்றார். அவள் அப்பா வந்து கம்பிகளையெல்லாம் பிடுங்கி மாட்டினார். பயனில்லை.

குறை அவள் வீட்டில் இல்லை. அவளுடைய குரல் பெரியப்பாவின் மடிக்கணினி ஒலிபெருக்கியில் வெளியே வந்து, அவருடைய ஒலிவாங்கிக்குள் புகுந்து, அவளுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சாதாரணமாக எதிரொலியைச் செயலி அடையாளம் கண்டு நீக்கிவிடும். இசைக்கான அமைப்பில் Echo cancellation என்பதைத் தேர்வு நீக்கியிருந்தால் அந்தக் காவல் இல்லை. எதிரொலியை உண்டாக்குபவருக்கு அது கேட்காது, மற்றவர்களுக்குத்தான் கேட்கும். ஆகவே ஒரு விதியை நினைவில் வையுங்கள்: உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வந்தால் கோளாறு எதிர்ப்பக்கத்தில். உங்கள் கம்பியைப் பிடுங்காதீர்கள்.

மருந்து, காதொலிக்கருவி. ஒலிபெருக்கியில் வெளியே வராத குரல் ஒலிவாங்கிக்குள் போகாது. பெரியப்பா மறுத்தார். “ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டா என் குரல் எனக்கே கேக்காதுப்பா.” அதுவும் நியாயம்தான். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். கம்பி உள்ளதாகவே வாங்கினோம். கம்பியில்லாத புளூடூத் கருவியின் ஒலிவாங்கியையும் பயன்படுத்தினால் பெரும்பாலும் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். இவ்வளவு பாடுபட்டது வீண். காதொலிக்கருவியே வேண்டாம் என்பவர்கள் Echo cancellation-ஐத் தேர்ந்தே வைத்துக்கொள்ளலாம். இசை சற்று அடிபடும், ஆனால் வகுப்பு நடக்கும்.

மூன்றாவது, இணையம். 96 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 43 மெகாபைட். படத்தை அனுப்ப ஆகும் செலவோடு பார்த்தால் இது சிறியது. ஆனால் மழை நாளில் அவர் வீட்டு இணைப்பு விட்டுவிட்டு வரும், அப்போது பாட்டு துண்டு துண்டாகும். அந்த நேரங்களில் படத்தை அணைத்துவிடுகிறோம். Stereo audio-வை ஒருபோதும் தேர்வதில்லை. ஒரு வாய், ஒரு ஒலிவாங்கி, இதற்கு இரண்டு தடம் எதற்கு?

நான்காவதாக, இந்த அமைப்பு எதைத் தீர்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாட முடியாது. ஒலி போய்ச் சேரும் தாமதம் அப்படியேதான் இருக்கிறது. பெரியப்பா ஒரு வரி பாடுவார், அவள் கேட்டுத் திருப்பிப் பாடுவாள். பழைய முறைதான், அதுவே இங்கே பொருந்துகிறது.

பதிவு செய்த பாட்டை மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுவது வேறு வேலை. அதற்கு இந்த அமைப்பே தேவையில்லை. பலர் கைபேசியில் பாட்டைப் போட்டு ஒலிவாங்கி முன்னால் பிடிக்கிறார்கள். அதைவிடத் திரையைப் பகிரும்போது Share sound என்பதைத் தேர்ந்தால் பாட்டு கணினியிலிருந்து நேரே போகும். ஒலிவாங்கியையோ வடிகட்டியையோ தொடவே தொடாது. காற்றாடியும் ஓடலாம்.

உங்கள் வீட்டிலும் பாட்டு, வயலின், புல்லாங்குழல் வகுப்பு இப்படி நடந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து, பத்து வினாடி ஒரே சுரத்தைப் பிடிக்கட்டும். பக்கத்தில் ஒரு கைபேசி பதிவு செய்யட்டும். எதிர்ப்பக்கத்தில் ஆசிரியர் எத்தனை வினாடி கேட்டது என்று எண்ணட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். வகுப்பு முடிந்ததும் அந்தப் பொத்தானை Off செய்யவும் மறக்காதீர்கள். மறுநாள் அலுவலகக் கூட்டத்துக்கு உங்கள் சமையலறைச் சத்தம் முழுவதும் போய்ச் சேரும்.

எல்லாம் சரியான அன்று அந்தப் பிள்ளை முதல் பாடலை முழுதாகப் பாடினாள். கடைசிக் கார்வை நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று அவள் “தாத்தா, கேக்குதா?” என்றாள்.

“கேக்குதும்மா. போன வாரமும் இப்படித்தான் பாடினியா?”

“ஆமா தாத்தா.”

“எனக்குத்தான் கேக்கல” என்றார் பெரியப்பா. அவர் ஒரு மாணவியிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.