இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிறதா?

முப்பரிமாணப் படத்துக்குரிய கண்ணாடியைப் போட்டாலும் சிலருக்குத் திரையிலிருந்து எதுவும் எழும்பி வராது. உடுப்பிட்டியில் எங்களோடு வளரும் மகளின் மகன் அப்படி ஒரு படம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டான்: "அம்மப்பா, எல்லாரும் ஏன் கையை நீட்டினவை? ஒண்டும் வெளியில வரேல்லையே."

நம் கண்கள் இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் தூரம் இருப்பதால், ஒவ்வொரு கண்ணும் சற்று வேறான காட்சியைக் காண்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை அறிகிறது என்பதை 1838இல் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் காட்டினார். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984இல் வந்தபோதும் அடிப்படை அதுதான்: ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு இன்னொன்று. ஒரு கண் அனுப்புவதை மூளை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது தட்டையான படமே.

அப்படிப்பட்டவர் நடமாடத் தடுமாறுவதில்லை. நிழல், பருமன், ஒன்றை ஒன்று மறைப்பது ஆகியவற்றை வைத்தே தூரத்தைக் கணித்துக்கொள்வார். பேரனும் சைக்கிள் ஓடுவான். பந்தைப் பிடிக்கும்போது மட்டும் கை பிந்தும். அதைக் கவனக்குறைவு என்று ஏசுவது அநியாயம். பிறந்ததிலிருந்து இப்படியே பார்ப்பவனுக்குத் தன்னிடம் என்ன குறை என்று எப்படித் தெரியும்?

இதைச் சோதிக்க இரண்டு பேனைகள் போதும். ஒன்றை அவன் முகத்துக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் நிமிர்த்திப் பிடித்தேன். தலையை அசைக்காமல், மற்றதை மேலிருந்து சட்டென்று இறக்கி நுனியோடு நுனியைத் தொடச் சொன்னேன். ஆழம் தெரிபவர் இரு கண்ணாலும் எளிதில் தொடுவார். ஒரு கண்ணை மூடினால் தவறவிடுவார். இவனோ இரு கண் திறந்திருந்தும் ஒரு கண் மூடியிருந்தும் ஒரே மாதிரித் தவறவிட்டான். இது பருமட்டான சோதனைதான். குறை சிறிதென்றால் இதில் பிடிபடாது.

யாழ்ப்பாணத்தில் கண் வைத்தியர் அவனுக்கு முப்பரிமாணக் கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டு, பெரிய ஈயின் படத்தை 40 சென்ரிமீற்றர் தூரத்தில் காட்டி, செட்டையைப் பிடிக்கச் சொன்னார். ஆழம் தெரிந்த பிள்ளையின் விரல்கள் தாளுக்கு மேலே காற்றில் நிற்கும். இவன் விரல் தாளிலேயே போய் முட்டியது. பிறகு ஒவ்வொரு கண்ணாகச் சோதித்ததில், இடக்கண்ணுக்கு மட்டும் கூடிய பவர் தேவை என்று தெரிந்தது. அதனால்தான் மூளை அதை ஒதுக்கியிருக்கிறது. வாக்குக்கண் என்றால் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். இதற்கு வெளியடையாளமே இல்லை.

சிகிச்சை இதுதான்: முதலில் பவர்க் கண்ணாடி, பிறகு நல்ல கண்ணைத் தினமும் சில மணித்தியாலம் மூடி, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுப்பது. பார்வை பெரும்பாலும் தேறும். ஆழம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் கூடுதல்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முன்னர், ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் சுவர்க் கலண்டரின் இலக்கங்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணையும் அப்படியே பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்தக் கிழமையே கண் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.