பகிடி விட்டு யாரும் சிரிக்காத அந்தப் பத்து விநாடி

எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு நாங்கள் இரண்டு பேர் அறிவிப்பாளர்கள். போன முறை நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். விழாக்காலம் வருகிறது, யாருக்காவது உதவும்.

அதிபர் உரைக்கு முன்னால் ஒரு பகிடி எழுதி வைத்திருந்தோம். "அதிபர் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். போன வருடமும் அப்படித்தான் சொன்னார்." ஆசிரியர் அறையில் வாசித்துப் பார்த்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அதிபரும்தான்.

விழாவுக்கு முதல் நாள் மாலை நிகழ்ச்சி நிரல் மாறியது. அந்த வருடம் மௌத்தாகிப் போன எங்கள் ஆசிரியர் ஒருவருக்கான துஆவை முன்னுக்கு எடுத்து, அதிபர் உரைக்குச் சற்று முன்னால் வைத்தார்கள். நாங்கள் நிரலைத் திருத்தினோம், பிரதியைத் திரும்ப வாசிக்கவில்லை.

துஆ முடிந்தது. முன்வரிசையில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்களில் ஒருவர் தாளில் இருந்தபடியே பகிடியை வாசித்தார். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பெற்றோர் எல்லோரும் அதிபரின் முகத்தைப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவரைப் பற்றிய பகிடி என்றால் சனம் முதலில் அவர் சிரிக்கிறாரா என்றுதான் பார்க்கும். அவர் குனிந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய பிழை. "சும்மா பகிடிக்குத்தான் சொன்னோம்" என்று விளக்கினோம். கேட்காதவர்களுக்கும் அப்போதுதான் விளங்கியது. மற்றவர் ஒலிவாங்கியை வாங்கி, குரலைத் தாழ்த்தி, "எங்கள் மதிப்புக்குரிய அதிபர் அவர்களை உரையாற்ற அழைக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வசனம்தான் காப்பாற்றியது. விழா முடிந்ததும் அந்தக் குடும்பத்திடம் போய் நேரில் மன்னிப்புக் கேட்டோம்.

இந்த வருடம் மூன்று விடயங்களை மாற்றினோம்.

முதலாவது, இடம். பகிடிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினோம். துஆ, அனுதாபம், கீதம் போன்றவற்றுக்குப் பின்னால் பகிடி இல்லை. சனம் வந்து அமர்ந்து, சிறு பிள்ளைகளின் ஒரு நிகழ்ச்சியாவது முடிந்து, கை தட்டிய பிறகே வைத்தோம். நிரல் மாறினால், பகிடி இருக்கும் பக்கத்தைத் திரும்ப வாசித்துவிட்டுத்தான் மேடை ஏறுவது.

இரண்டாவது, பகிடியை ஒரு தேவையான அறிவிப்புக்குள் வைத்தோம். சிரிக்காவிட்டாலும் அறிவிப்பு நிற்கும். சிற்றுண்டிப் பொதிகள் விழா முடிவில்தான் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. முதலில் எழுதியது: "எல்லாப் பொதிகளையும் எண்ணி வைத்திருக்கும் எங்கள் கணித சேர்தான் அவற்றுக்குக் காவல் நிற்கிறார்." சிரிப்பு வசனத்தின் நடுவில் செத்துவிட்டது. தமிழில் வினை கடைசியில் வருவதால், சிரிக்க வேண்டிய சொல்லுக்குப் பிறகும் வசனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டாக உடைத்தோம்: "பொதிகள் விழா முடிவில் வாசலில் வழங்கப்படும். காவலுக்கு நிற்பவர் எங்கள் கணித சேர். எண்ணி வைத்திருக்கிறார்." இப்போது கடைசி வினையே பகிடி. அவரிடம் முதலே அனுமதி வாங்கினோம். பிள்ளைகளையோ விருந்தினரையோ தொடவில்லை.

மூன்றாவது, சிரிப்பு வராவிட்டால் சொல்வதையும் முதலே எழுதினோம். பகிடிக்குக் கீழே ஒரு சரிவுக்கோடு போட்டோம், அது ஒரு மூச்சு நேரம். அதற்குக் கீழே இரண்டு வரி. சிரித்தால், சத்தம் தணியத் தொடங்கும்போது அடுத்த நிகழ்ச்சியின் பெயர். சிரிக்காவிட்டால், "ஆகவே, பொதிகள் முடிவில், வாசலில்" என்று அதே அறிவிப்பைச் சாதாரணக் குரலில் சுருக்கிச் சொல்லி நகர்வது. "என்ன, சிரிப்பு வரல்லையா?" என்று சனத்தைக் கேட்பதில்லை. இரண்டாவது பகிடியால் முதலாவதை மீட்கப் பார்ப்பதும் இல்லை.

விழாவன்று சரியாக அந்த நேரம் மழை கொட்டியது. தகரக் கூரை. பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை, முன்வரிசையில் இரண்டு பேர் புன்னகைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு மூச்சு பொறுத்தோம். இரண்டாவது வரியைக் கொஞ்சம் உரத்து வாசித்து, தரம் 3 பிள்ளைகளை மேடைக்கு அழைத்தோம். அங்கே ஒரு பகிடி விழுந்துபோனது யாருக்கும் தெரியாது. மழைக்குள் பொதி எங்கே கிடைக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யாரும் மனம் நோகாமல் வீடு போனார்கள். எங்களுக்கு அது போதும்.

நீங்கள் மேடையில் விட்டு, யாரும் சிரிக்காத பகிடி ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். நாங்கள் சிரிக்கிறோம்.