பென்சிலை உடைத்தது யார்?

பல்லேகலவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்க நாலு பேர் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வைக்கிறோம். ஆறு வயசில் இருந்து எட்டு வயசு வரை பதினெட்டுப் பேர். கிரிக்கெட் மைதானத்தில் மேட்ச் இருக்கும் நாட்களில் இந்தப் பதினெட்டு ஆறாகக் குறைஞ்சிடும், அது வேற கதை.

போன மாசம் "உண்மை பேசுதல்" பாடம் எடுத்தோம். முதல் தடவை அதைக் கெடுத்துவிட்டோம். எப்படிக் கெடுத்தோம் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

எங்க திட்டம் இதுதான். முதலில் புலி வருது கதை. பிறகு ஒரு சின்ன நாடகம்: நண்பனிடம் இரவல் வாங்கிய கலர் பென்சில் உடைஞ்சுபோகிறது, உடைத்தவன் பொய் சொல்கிறான், டீச்சர் கண்டுபிடிக்கிறார். கடைசியில் ஒரு படம். பொய் சொல்கிறவன் வேஷத்துக்கு வகுப்பிலேயே துடியான பையனைப் போட்டோம். நல்லா நடிப்பான் என்று நினைச்சோம். நல்லாத்தான் நடிச்சான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நாங்களும் சிரிச்சோம். வகுப்பு முடிஞ்சு செருப்புப் போடும்போது ஒரு பிள்ளை அவனைப் பார்த்து "பொய்க்காரன்" என்றது. அடுத்த நிமிஷம் நாலு பிள்ளைகள் அதையே பாட்டாகப் பாடினாங்க.

படங்களை விரிச்சுப் பார்த்தால் இன்னொரு ஏமாற்றம். பதினெட்டில் பதினொன்று ஒரே படம். ரோட்டில் காசு கிடக்கிறது, பிள்ளை எடுத்து டீச்சரிடம் கொடுக்கிறது, மேலே சூரியன் சிரிக்கிறது. "நீங்க உண்மையா நடந்த ஒரு சந்தர்ப்பத்தை வரைங்க" என்று சொல்லியிருந்தோம். ஒரு பிள்ளை வரைய, பக்கத்தில் இருந்தது பார்த்து வரைய, பதினொன்றாகிவிட்டது. உண்மை பற்றிய பாடத்தில் இத்தனை பொய்ப்படம்! பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்க கேட்டது நல்ல பிள்ளைப் படம். அவங்க அதைத் தந்தாங்க.

அந்த வாரம் உட்கார்ந்து கொஞ்சம் வாசிச்சோம். 2014இல் காங் லீ என்ற உளவியலாளரின் குழு, மூன்று முதல் ஏழு வயது வரையான 268 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு விளையாட்டுப் பொருளை வைத்து, "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். நிறையப் பிள்ளைகள் பார்த்துவிடும், பிள்ளைதானே. திரும்பி வந்து ஒரு கதை சொல்வார். அதன் பிறகு, "திரும்பிப் பார்த்தியா?" என்று கேட்பார். ஓநாய் வருது என்று ஏமாற்றிய பையனின் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும் கேட்ட பிள்ளைகள், உண்மை பேசுவதில் கூடவே இல்லை. செர்ரி மரத்தை வெட்டியதை அப்பாவிடம் ஒத்துக்கொண்ட ஜோர்ஜ் வோஷிங்டன் கதை கேட்டவங்கதான் கூடுதலாக உண்மை சொன்னாங்க. அந்த அப்பா கோபப்படாமல் மகனைப் பாராட்டுகிறார். அதே கதையை மாற்றி, பொய் சொன்னால் வரும் கெட்ட விளைவை முன்னால் வைத்துச் சொன்னபோது அந்தப் பலன் போய்விட்டது. (அந்தச் செர்ரி மரக் கதையே ஒருவர் கட்டிவிட்டது என்பது தனிக் கூத்து.)

எங்க புலிக் கதையும் ஓநாய்க் கதையும் ஒன்றுதான். "பொய் சொன்னா மாட்டிக்குவ" என்று சொல்கிறது. உண்மை சொன்னால் என்ன நடக்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த ஞாயிறு அதே பென்சிலோடு திரும்ப ஆரம்பிச்சோம். இந்தத் தடவை உடைத்தவர் வேஷம் எங்களில் ஒருவருக்கு. மோசமான வேஷத்தைப் பெரியவங்க எடுத்தால், பெயர் ஒட்டினாலும் எங்களோடு போகும். பென்சில் "டக்"கென்று உடைஞ்ச இடத்தில் நாடகத்தை நிறுத்தினோம். "இப்ப இந்த அக்காவுக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டோம். "வயித்துல ஒரு மாதிரி இருக்கும்" என்றது ஒரு பிள்ளை. "மூத்திரம் வரும்" என்றது இன்னொன்று. சரிதான் என்று இரண்டையும் ஏற்றுக்கொண்டோம்.

பிறகுதான் முக்கியமான கதிரையைப் போட்டோம். உண்மையைக் கேட்கிறவரின் கதிரை. பென்சில்காரன், டீச்சர், அம்மா என்று மாறி மாறி ஒரு பிள்ளை அதில் உட்காரும். எங்க அக்கா முன்னால் நின்று, "நான்தான் உடைச்சேன்" என்பார். முதலில் டீச்சராக உட்கார்ந்த பிள்ளை, நாங்க ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே, மேசையில் இருந்த அடிமட்டத்தை எடுத்து "கையை நீட்டு!" என்றது. அம்மாவாக வந்தது காதைத் திருகியது. ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், நாலு பேர் அடிச்சாங்க. யாருமே சிரிக்கவில்லை, ஏனென்றால் அவங்களுக்கு அது நாடகமாகத் தெரியவில்லை.

அதே லீயும் விக்டோரியா டல்வாரும் 2011இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அப்போது ஞாபகம் வந்தது. மேற்கு ஆபிரிக்காவில் அடிக்கிற பள்ளி ஒன்று, அடிக்காத பள்ளி ஒன்று. மூன்று நாலு வயசுப் பிள்ளைகள். அடிக்கிற பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகமாகப் பொய் சொன்னாங்க, அதையும் மாட்டிக்கொள்ளாமல் திறமையாகச் சொன்னாங்க.

எனவே கதிரையில் உட்கார்கிறவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். "கோபம் வரலாம், ஆனா அடிக்காம வாயால சொல்லணும். அப்புறம் இனி என்ன செய்யலாம்னு கேக்கணும்." திரும்ப நடிச்சாங்க. "எனக்குக் கோபமா இருக்கு. ஒட்டித் தா" என்றது ஒரு பிள்ளை. பென்சிலை ஒட்ட முடியாது என்று பெரிய வாக்குவாதம் நடந்து, சீவினால் இரண்டு பென்சில் ஆகும் என்று முடிஞ்சது. எங்களுக்கு அந்த யோசனை வந்திருக்காது.

இதெல்லாம் இருபத்தைந்து நிமிஷம். மிச்சம் படத்துக்கு. தாளை நடுவில் மடிச்சோம். இடப் பக்கம், சொல்லக் கஷ்டமாக இருந்த ஒரு விஷயம். வலப் பக்கம், அதைக் கேட்டவரின் முகம், அல்லது கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று. பெயர் எழுதத் தேவையில்லை, சுவரில் ஒட்ட மாட்டோம், விரும்பாவிட்டால் காட்டவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னோம். பக்கத்தில் பார்க்காதபடி முதுகோடு முதுகாக உட்கார வைத்தோம். சுற்றி வரும்போது "இது என்ன?" என்று கேட்காமல், "இந்தப் படத்தப் பத்திச் சொல்றியா?" என்று மட்டும் கேட்டோம். "இல்ல" என்றால் நகர்ந்துவிடுவோம்.

சிரிக்கிற சூரியன் இரண்டே இரண்டுதான் வந்தது. உடைஞ்ச கோப்பை, பக்கத்து வீட்டுக் கொய்யா, நனைஞ்ச மெத்தை எல்லாம் வந்தது. வலப் பக்க முகங்களில் வாய் பெரிசாகத் திறந்திருந்தது. சிலதில் கறுப்புக் கலரை அழுத்தித் தாளே கிழிஞ்சிருந்தது. இதைப் பார்த்து வீட்டில் என்ன நடக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. ஏழு வயசில் எல்லா வாயும் பெரிசுதான். ஆனால் ஒரே பிள்ளை வாரா வாரம் அப்படியே வரைந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அந்தத் துடியான பையன் தன் தாளைத் தந்தான். இடப் பக்கம் ஒரு கதிரை, கதிரையில் ஒரு ஆள். வலப் பக்கம் ஒரு முகமில்லை, நாலு முகம். நாலும் பெரியவங்க, நாலும் சிரிக்கிறாங்க. "இதப் பத்திச் சொல்றியா?" என்றோம்.

"நீங்கதான். போன கிழமை."

எங்களில் யாருக்கும் உடனே பேச்சு வரவில்லை. வயித்துல ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு கேட்பவரின் கதிரையை இழுத்துப்போட்டு அவனை உட்காரச் சொன்னோம். பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே, அந்த வேஷத்தை அவனுக்குக் கொடுத்தது எங்க பிழை, சிரிச்சதும் பிழை, அவன் பொய்க்காரன் இல்லை, நாங்க சொன்னதால்தான் அப்படி நடிச்சான் என்று சொன்னோம்.

அவன் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தான். கோபத்தை வாயால் சொல்ல வேண்டும் என்ற விதி ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

"எனக்குக் கோபம்" என்றான். "அந்தச் சீவின பென்சில்ல சின்னது எனக்கு."

பெரியதையும் கொடுத்தோம்.