விகுதி காட்டும் மரியாதை

வந்தாய், வந்தீர், வந்தீர்கள் என்ற மூன்றும் ஒரே செயலைத்தான் சொல்கின்றன. வந்தவர் நமக்கு இளையவரா, ஒத்தவரா, மூத்தவரா என்பதை வினையின் கடைசியில் ஒட்டியிருக்கும் விகுதி சொல்லிவிடுகிறது. "பெரியப்பா வந்தார்கள்" என்று எழுதுகிறோம். வந்தவர் ஒருவர், வினையோ பலருக்கு உரியது. கணக்குப் பார்த்தால் இது வழுவே. ஆயினும் உயர்வு கருதிச் சொல்லும்போது இப்படிப் பால் மாறி வருவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. இதைத்தான் இலக்கண வகுப்பில் பால் வழுவமைதி என்று படிக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்து போகும் இந்தச் செய்தி, எங்கள் விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

எங்கள் தோழி ஒருத்திக்குத் தந்தை இல்லை. அவளையும் அவள் தாயாரையும் பெரியப்பாதான் தம் வீட்டில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். விடுதிக் கட்டணமும் அவர்கள் அனுப்புவதே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாக அவளுக்குச் செய்தி வந்தது. மேலே படிக்க அனுமதி கேட்டு அவள் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். கைபேசியில் கேட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். விடுதித் தொலைபேசியில் மூன்று நிமிடத்தில், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, இதையெல்லாம் கேட்க முடியுமா? எழுதி முடித்தவள் எங்கள் நால்வரிடமும் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னாள். அவள் சம்மதத்தோடு அதன் ஒரு பகுதியை இங்கே தருகிறோம்:

"தாங்கள் அனுப்பிய பணம் சென்ற வாரம் கிடைத்தது. சென்ற மாதம் என்னைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தீர். ஆனால் வரவில்லை. உமக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். இப்போது எப்படி இருக்கிறாள்? நான் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர விரும்புகிறேன். நீங்கள் அனுமதி தரவும்."

முதல் முறை படித்தபோது எங்களுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. சத்தமாகப் படித்தபோதுதான் ஒருத்தி, "இதில் மூன்று பெரியப்பாக்கள் இருக்கிறார்கள்" என்று சிரித்தாள். உண்மைதான். முதல் வரியில் தாங்கள், அடுத்து நீர், உமக்கு, முடிவில் நீங்கள். பேச்சில் இப்படி நேராது. "வாங்க பெரியப்பா" என்று தொடங்கிய நாக்கு தானாகவே "சொல்லுங்க" என்று போய்விடும். எழுத்தில் பழக்கம் இல்லாத கை, கேட்ட நடையெல்லாம் கலந்து எழுதுகிறது. அலுவலக விண்ணப்பத்திலிருந்து தாங்கள் வந்தது. நீர் எங்கிருந்து வந்தது?

அதற்கு விடை எங்கள் சிற்றாலயத்தில் இருந்தது. காலையும் மாலையும் நாங்கள் சொல்லும் செபங்களில் ஆண்டவரை நீர், உம்மை, உமது என்றுதான் அழைக்கிறோம். தோழி அதையே கேட்டாள்: "கடவுளுக்கே நீர் என்று சொல்கிறோமே, பெரியப்பாவுக்குச் சொன்னால் குறைந்தா போகும்?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. விடுதிக் காப்பாளரான சிஸ்டரிடம் போனோம்.

சிஸ்டர் விளக்கினார்கள். பழந்தமிழில் நீ என்பது ஒருவருக்கு. நீர் என்பது பலருக்கு. பிறகு மரியாதைக்காக ஒருவரையே நீர் என்று அழைக்கும் வழக்கம் பரவியது. அப்படிப் பரவியபின், நீர் என்றால் ஒருவரா பலரா என்ற குழப்பம் வந்தது. பலரைக் குறிக்கக் கள் விகுதியும் சேர்ந்து நீங்கள் வழக்கில் வந்தது. சில காலத்தில் அதுவும் மரியாதைக்கு வந்துவிட, நீர் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் ஒருவரை நீர் என்று எழுதினால், மிக நெருக்கமும் இல்லாமல் மிகுந்த மரியாதையும் இல்லாமல் நடுவில் நிறுத்திவைப்பது போலிருக்கும். (யாழ்ப்பாணத்துப் பேச்சில் நீர் இன்றும் இயல்பாக வழங்குகிறது, அங்கே அது முகம் சுளிக்க வைக்காது என்றும் சிஸ்டர் சொன்னார்கள்.) செபத்தின் மொழி பழமையை எளிதில் விடுவதில்லை, நீர் உயர்ந்த சொல்லாக இருந்த நாளின் வழக்கு அங்கே அப்படியே நிலைத்துவிட்டது. தேவாரத்தைப் பார்த்தால் இறைவனை நீ என்றே அழைக்கும் பாடல்கள் எத்தனையோ. ஆகவே கடவுளை அழைக்கும் சொல்லைப் பெரியப்பாவுக்கு அளவுகோலாக்கக் கூடாது. "கடவுள் விகுதி பார்க்கமாட்டார், பெரியப்பா பார்ப்பார்கள்" என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அதன்பின் அந்த இரண்டு வரிகளை மறுபடி படித்தோம். "எழுதியிருந்தீர். ஆனால் வரவில்லை." எங்களுக்கே திக்கென்றது. பணம் அனுப்பிக் காப்பாற்றுகிற பெரியவரை நிறுத்திக் கணக்குக் கேட்பது போல அல்லவா இருக்கிறது! அவள் நினைத்தது அதுவல்ல. ஆனால் தாளில் இருப்பது அதுதான்.

சிஸ்டர் எங்களுக்குக் கற்றுத்தந்த முறை எளியது. ஒரு பென்சிலை எடுத்து, கடிதத்தைப் பெறுபவரைச் சுட்டும் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிட வேண்டும். நீங்கள், உங்கள், உங்களுக்கு போன்றவை உடனே கண்ணில் படும். அடுத்து வினைமுற்றுகள். தமிழில் எழுவாயை எழுதாமலே வாக்கியம் முடியும், "எழுதியிருந்தீர்" என்ற இடத்தில் நீர் என்ற சொல்லே இல்லை, விகுதியில் ஒளிந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக ஏவல்கள்: எழுது, எழுதும், எழுதுங்கள்.

எல்லாச் சொல்லையும் ஆராய வேண்டியதில்லை என்பதும் எங்களுக்குப் புதிய செய்தி. வந்து, வந்த, வந்தால் போன்ற எச்சங்களில் மரியாதை விகுதி கிடையாது. வரவில்லை, வர வேண்டும், வரலாம் என்பவையும் குழந்தைக்கும் கிழவருக்கும் ஒன்றே. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இத்தகைய சொற்களாகவே ஐந்தாறு வாக்கியம் போய்விட்டால், தொடக்கத்தில் எந்த மரியாதையில் ஆரம்பித்தோம் என்பது கைக்கு மறந்துவிடுகிறது. அதன்பின் வரும் முதல் வினைமுற்றில்தான் பெரும்பாலும் சறுக்கல். தோழியின் நான்கு பக்கக் கடிதத்தில் நாங்கள் கண்ட மாற்றங்களில் பல அத்தகைய இடங்களிலேயே இருந்தன.

"தரவும்" என்பதில் விகுதி தவறு இல்லை. ஆனால் அது அறிவிப்புப் பலகையின் மொழி. "காலணிகளை வெளியே விடவும்" என்பதைப் போலப் பெரியப்பாவிடம் அனுமதி கேட்கலாமா? "அனுமதி தரும்படி வேண்டுகிறேன்" என்று மாற்றினோம்.

பெரியம்மாவை "இருக்கிறாள்" என்று எழுதியது அன்பினால்தான். கதைகளில் அம்மா சொன்னாள், பாட்டி வந்தாள் என்று படித்துப் பழகிய கை. ஆயினும் பெரியப்பாவுக்கு ஈர்கள் என்று எழுதிவிட்டு அவர்களுடைய மனைவிக்கு ஆள் என்று எழுதினால், ஒரே வீட்டில் ஒருவருக்கு நாற்காலியும் ஒருவருக்குத் தரையும் கொடுத்தது போலாகும். இருக்கிறார் என்றாலே போதும் என்பவர்கள் உண்டு. எங்கள் விடுதியில் இருக்கிறார்கள் என்றே எழுதி வழக்கம். எதை எடுத்தாலும் கடிதம் முடியும்வரை அதையே பிடிக்க வேண்டும்.

இனி, தாங்களா நீங்களா? எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. தாங்கள் உயர்ந்தது, அதையே வைக்கலாம் என்று இருவர். அப்போது எங்களில் ஒருத்தி தன் தெருவில் நடந்ததைச் சொன்னாள். ஒரு வீட்டார் உறவினருக்கு, "அத்தையும் மாமாவும் தங்கள் வீட்டிலேயே பேச்சை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்" என்று எழுதினார்களாம். தங்கள் என்பது உங்கள் என்றும் பொருள்படும். தம்முடைய என்றும் பொருள்படும். அத்தையும் மாமாவும் தம் வீட்டில் காத்திருக்க, கடிதம் பெற்றவர்கள் தங்கள் வீட்டில் கேசரி கிண்டிக் காத்திருந்தார்கள்! கேட்டுச் சிரித்தோம், ஆனால் அந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை. மேலும், வீட்டில் வாய் நிறைய "நீங்க" என்று அழைப்பவள் கடிதத்தில் திடீரென்று தாங்கள் என்றால், யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியதாகப் பெரியப்பா நினைக்கக்கூடும். நீங்கள் என்றே முடிவாயிற்று.

நீங்கள் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவரா, வீட்டார் எல்லோருமா என்று தெரியாது. "ஆண்டுவிழாவுக்கு நீங்கள் வாருங்கள்" என்றால் பெரியம்மா கிளம்புவார்களா, மாட்டார்களா? "பெரியம்மாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று சேர்த்தோம்.

திருத்திய பகுதி இப்படி அமைந்தது:

"நீங்கள் அனுப்பிய பணம் சென்ற வாரம் கிடைத்தது. சென்ற மாதம் என்னைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தீர்கள். வேலை மிகுதியால் உங்களால் வர இயலவில்லை என்று எண்ணிக்கொண்டேன். பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். இப்போது எப்படி இருக்கிறார்கள்? நான் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர விரும்புகிறேன். நீங்கள் அனுமதி தரும்படி வேண்டுகிறேன்."

கடைசிப் பக்கத்தில் தன் தாயாருக்கு அவள் இரண்டு வரி எழுதியிருந்தாள்: "நீ மாத்திரையை விடாமல் சாப்பிடு. என்னை நினைத்து அழாதே." பென்சில் வைத்திருந்தவள் அதையும் கோடிட்டுத் திருத்தப் போனாள். தோழி தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் தாயாருக்குப் படிக்கத் தெரியாது; பெரியப்பாதான் வாசித்துச் சொல்வார்கள். பிறந்ததுமுதல் அம்மாவை நீ என்றே அழைத்தவள். அங்கே நீங்கள் என்று எழுதினால், "என் பிள்ளை எனக்கு அந்நியமாகிவிட்டாளா?" என்று அந்தத் தாய் கேட்கமாட்டார்களா? சிஸ்டரும் அவள் பக்கமே நின்றார்கள். கேட்பவர் மாறும்போது விகுதி மாறுவது பிழையாகாது. ஆனால் மாறுவது யாரிடம் என்று தெரிய வேண்டும். அதனால் ஒரு வரி இடம் விட்டு, "அம்மா," என்று தனியே அழைத்து, அதன் கீழே அந்த இரண்டு வரிகளையும் அப்படியே எழுதினாள்.

திங்கட்கிழமை காலைத் தபாலில் கடிதம் போயிற்று. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பெரியப்பாவின் கையெழுத்தில் முதலில் இருந்தது அனுமதியல்ல. தாம் வராமைக்கான காரணம். அறுவடை நேரத்தில் ஆள் கிடைக்கவில்லையாம். அதன் கீழே, "அறிவியல் பிரிவுக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டு எழுது" என்றிருந்தது. அதற்கும் கீழே, அதே கையெழுத்தில், அம்மா சொல்லச் சொன்னதாக ஒரு வரி: "மாத்திரை சாப்பிடுகிறேன். நீ நன்றாகச் சாப்பிடு."