10 ரன்னா, 27 ரன்னா?

சென்னை, பெங்களூரு ரசிகர்கள் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் ஓசூரில், விளையாட்டுச் செய்தியின் தலைப்பைக் கொஞ்சம் பிசகாகப் போட்டாலும் கேன்டீனில் சண்டைதான்.

2024 மே 18, சின்னசாமி மைதானம். பெங்களூரு 218. தோற்றாலும் 201 எடுத்தால் சென்னைக்கு பிளேஆஃப். எடுத்தது 191.

"10 ரன்னில் சென்னை தோல்வி" என்றால் தப்பு. தோற்றது 27 ரன்னில். வெறும் "27 ரன்னில் தோல்வி" சரிதான், ஆனால் கடைசி ஓவரின் பதற்றம் அதில் இல்லை. நான் போட்டிருந்தால்: "10 ரன்னில் நழுவியது பிளேஆஃப்". நாலே சொல். 27 அடுத்த வரியில் வந்துவிடும்.

"தோனிக்கு இதுதான் கடைசி ஆட்டமா?" என்பது கிளிக்குக்குத் தூண்டில். அவர் அப்போது ஓய்வை அறிவிக்கவே இல்லை, 2025-லும் ஆடினார். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு போய்விடுமா என்ன?