தலைப்பை மறைத்த சனிக்கிழமைகள்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் தொகையிடல் கணக்குதான். எளிய வரிசையில் நாற்பதும் சரி. ஆனால் ஜேஇஇ மாதிரித் தேர்வில், 25 கணிதக் கேள்விகளில் ஆறுதான் தேறியது.

நோட்டைப் புரட்டிய அக்கா, "பாடத் தலைப்பே வழியைச் சொல்லிடுதேடா, பரீட்சையில யாரு சொல்லுவா?" என்றாள்.

அதன்பின் திங்களன்று எளியது பத்து, புதனன்று நடுத்தரம் ஆறு, சனியன்று பல பாடங்களிலிருந்து தலைப்பை மறைத்துக் கலந்த கடினக் கணக்கு மூன்று. தவறியதை மூன்று நாள் கழித்து, விடையைப் பார்க்காமல் மறுபடி போடுவேன்.

0 முதல் π வரை x sin x/(1+cos²x) என்ற கணக்கு இரண்டு சனிக்கிழமை தோற்கடித்தது. x இருக்கும் இடத்தில் π−x போட்டு, இரண்டையும் கூட்டினால் மேலே இருக்கும் x மறைந்துவிடும், விடை π²/4. மூன்றாவது சனிக்கிழமை அது தானாகத் தோன்றியது. அப்புறம்தான் அடுத்த பாடத்தைத் திறந்தேன்.